'பிடி' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? அகராதிப் பதிவு ஒன்றை எழுதி முடிக்கும் முறை

பெங்களூருவில் அல்சூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஆறேழு பேர் கூடி, இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய தமிழ் அகராதி தொகுத்துவருகிறோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கும் பிள்ளைகள் இவர்கள். புதிதாக வந்து சேர்கிறவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். எந்தச் சொல்லைச் சேர்ப்பது, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் கொடுப்பது, எதை முதலில் வைப்பது ஆகிய மூன்றுக்கும் நாங்கள் போகும் வழியை, 'பிடி' என்ற ஒரே வினையை வைத்து முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

## 1. யார் புரட்டப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதி ஒட்டுங்கள்

பின்னால் வரும் எல்லாத் தீர்மானங்களுக்கும் இதுதான் நீதிபதி. எங்கள் சுவரில் ஒட்டியிருப்பது: "பத்து முதல் பதினான்கு வயது. தமிழ் பேசத் தெரியும். தமிழ்ப் புத்தகம் வாசிக்கும்போது புரியாத சொல்லைத் தேடும். மொத்தம் 3,000 தலைச்சொல்." தலைச்சொல் என்றால் அகராதியில் தனிப் பதிவாக வரும் சொல்.

இது இல்லாமல் தொடங்கினால், ஒவ்வொரு சொல்லுக்கும் வாதம் நடக்கும். "இது நல்ல தமிழ்ச் சொல், விடக்கூடாது" என்று ஒருவர் சொல்வார். "இதை யார் இப்போது சொல்கிறார்கள்?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும், வேலை மட்டும் நகராது. 3,000 என்ற எண் முன்னால் இருந்தால், இந்தச் சொல் உள்ளே வர எந்தச் சொல் வெளியே போவது என்று கேட்க முடிகிறது.

## 2. மற்ற அகராதிகளைத் திறப்பதற்கு முன் வரிகளைச் சேருங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பழைய அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு அதிலிருந்து எழுதத் தொடங்குவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சங்கப் பாடல் தொடங்கிப் பல காலத்துப் பொருள்கள் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதை முதலில் படித்துவிட்டால், நம் கண்ணுக்கு அங்கே இருக்கும் பொருள்கள்தான் தெரியும். இன்று புதிதாக வந்திருப்பது தெரியாது. நாங்கள் அதை ஆறாம் படிக்குப் பிறகுதான் திறப்போம், எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க.

வரி என்றால் முழு வாக்கியம். முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. எங்கே, யார், எந்த ஆண்டு எழுதியது என்பதும் கூடவே வேண்டும். நாங்கள் பாடப் புத்தகம், சிறுவர் கதை, வார இதழ், நாளிதழ், அடுக்குமாடி அறிவிப்பு, அனுமதி வாங்கிப் பதிவுசெய்த வீட்டுப் பேச்சு எல்லாவற்றிலிருந்தும் எடுத்தோம். 'பிடி'க்கு மட்டும் 240 வரி சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு சீட்டு.

கணினிக் கோப்பில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. 'பிடி' என்று மட்டும் தேடினால் பிடிவாதம், கடைப்பிடி, கண்டுபிடி எல்லாம் வந்து குவியும். 'பிடிச்சிருக்கு', 'புடிச்சான்' என்று பேச்சுவழக்கில் எழுதியதும் வேண்டும். நாங்கள் தேடியது இப்படி:

```
(பி|பு)டி(க்க|த்த|ப்ப|ச்ச)
```

இதைச் சுருக்கி `[பிபு]டி` என்று எழுதிவிடாதீர்கள். 'பி' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது 'ப' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. சதுர அடைப்புக்குள் போட்டால் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு வேறெதையோ தேடும். எங்கள் குழுவில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பியே இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்தான். அப்புறம், மேலே உள்ள தேடலிலும் 'பிடிப்பு', 'கண்டுபிடித்து' போன்றவை நுழையும். அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். 'பிடி' என்ற ஏவல் வடிவம் இதில் சிக்காது, அதைத் தனியே தேடுங்கள்.

## 3. சொல் உள்ளே வருமா என்று பாருங்கள்

'பிடி' விஷயத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் பக்கத்துச் சொற்களுக்கு எழும். நாங்கள் கேட்பவை மூன்று. எத்தனை வெவ்வேறு ஆட்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்? எத்தனை வகை எழுத்தில், எத்தனை ஆண்டுகளாக வருகிறது? தெரிந்த சொற்களைக் கொண்டு இதன் பொருளை ஊகித்துவிட முடியுமா?

முதல் கேள்வியில் எண்ண வேண்டியது ஆட்களை, தடவைகளை அல்ல. ஒரே தொடர்கதையில் நாற்பது இடத்தில் ஒரு சொல் வந்தால் அது ஒருவருடைய பழக்கம்தான். நான்கு பேர் ஒவ்வொரு முறை எழுதியிருந்தால் அதற்குத்தான் எடை அதிகம்.

மூன்றாவது கேள்விக்கு 'அட்வான்ஸ்' நல்ல உதாரணம். "ஆங்கிலச் சொல், எல்லோருக்கும் தெரியும், எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் வீட்டு வாடகைப் பேச்சில் அட்வான்ஸ் என்பது வாடகையில் கழிந்துபோகும் முன்பணம் அல்ல. வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் பணம். பெங்களூருவில் பத்து மாத வாடகைகூட அப்படிக் கேட்பார்கள். 'முன்பணம்' என்ற பொருளை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைக்குக் கதையில் "அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை" என்று வந்தால் புரியாது. சேர்த்தோம்.

'சொப்பு' வேறு மாதிரி. இங்கே கன்னடத்திலிருந்து வந்து தமிழ் வீடுகளிலும் கீரைக்கு அந்தப் பேர் உண்டு. தமிழ்க் கதைகளிலோ அது பிள்ளைகள் வைத்து விளையாடும் சின்னப் பாத்திரம். கீரையைச் சேர்க்கவில்லை. எங்கள் சீட்டுகளில் அந்தப் பொருள் ஒரே ஒரு வீட்டுப் பேச்சில்தான் இருந்தது, புத்தகத்தில் எங்கும் இல்லை. தவிர, அதைத் தேட வேண்டிய பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். விளையாட்டுச் சாமானைத்தான் தேடும். பெங்களூருத் தமிழுக்கென்று தனி அகராதி போட்டிருந்தால் முடிவு நேர்மாறாக இருந்திருக்கும்.

## 4. தலைச்சொற்களைப் பிரியுங்கள்

பொருளைப் பிரிப்பதற்கு முன், கையில் இருப்பது ஒரே சொல்லா என்று பாருங்கள். எழுத்து ஒன்றாக இருப்பது போதாது. 'படி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'படித்தான்' வேறு, 'தூசி படிந்தது' வேறு. இறந்தகாலத்தில் பிரிந்துவிடுகிறது, ஆகவே இரண்டு தலைச்சொல். 'ஆறு' என்ற எண்ணும், ஓடும் ஆறும், 'காபி ஆறிவிட்டது' என்பதும் மூன்று தலைச்சொல்.

'பிடி' வினையின் எல்லாச் சீட்டிலும் பிடிக்க, பிடித்து என்று ஒரே வடிவம்தான். அதனால் ஒன்று. கத்தியின் பிடி, ஒரு பிடி அரிசி என்று வரும் பெயர்ச்சொல் இரண்டாவது தலைச்சொல். 'கண்டுபிடி' மூன்றாவது. அதைக் 'கண்டு' என்ற சொல்லையும் 'பிடி' என்ற சொல்லையும் கூட்டிப் பார்த்துப் பொருள் சொல்ல முடியாது.

## 5. பொருள் எழுதாமல் சீட்டுகளைக் குவியலாக்குங்கள்

இதுதான் நீண்ட படி. பொறுமையும் இங்கேதான் வேண்டும். பேனாவைத் தொடாதீர்கள். பொருளை எழுதிவிட்டுச் சீட்டுகளைத் தேடினால், ஒவ்வொரு சீட்டும் எழுதிய பொருளுக்குள் எப்படியாவது நுழைந்துவிடும்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் பிரியுங்கள். யார் பிடிக்கிறார்? எதைப் பிடிக்கிறார்? பெயரில் 'ஐ' வருகிறதா, 'கு' வருகிறதா, 'இல்' வருகிறதா? அப்படிப் பார்த்தபோது எங்கள் மேசையில் விழுந்தவை சில:

- கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
- சம்பளத்தில் இரண்டு நாள் காசு பிடித்துவிட்டார்கள்.
- இரும்புக் கேட்டில் துரு பிடித்திருந்தது.
- எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.
- ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடித்தது.

இந்த ஐந்தும் தாமாகவே ஐந்து குவியலாகும். சிக்கல் வருவது இந்த ஜோடியில்தான்:

- எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.
- எனக்குச் சளி பிடித்திருக்கிறது.

அடையாளம் ஒன்றேதான், இரண்டிலும் 'எனக்கு'. புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவி இரண்டையும் ஒரே குவியலில் போட்டிருந்தாள். "அங்கிள், ரூல்படிதானே போட்டேன்?" என்றாள். அவள் மேல் தவறில்லை. உருபு மட்டும் போதாது என்பதை நாங்கள்தான் சொல்லியிருக்கவில்லை.

இங்கே வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். 'எனக்கு இந்த ஊரைப் பிடித்திருக்கிறது' என்றால் பொருள் மாறவில்லை. 'எனக்குச் சளியைப் பிடித்திருக்கிறது' என்றால் சளி மேல் ஆசை என்று ஆகிவிடுகிறது! மறுபக்கம், 'என்னைச் சளி பிடித்துக்கொண்டது' என்று சொல்லலாம். 'என்னை ஊர் பிடித்துக்கொண்டது' என்றால் பேய்க்கதை. ஆக, சளியில் பிடிப்பது சளி, பிடிபடுவது நான். அது துருவோடு சேரும், ஊரோடு சேராது.

## 6. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது

முதல் சுற்றில் எங்களுக்கு 31 குவியல் வந்தது. குடை பிடி, விளக்குப் பிடி, கையைப் பிடி என்று தனித்தனியாகப் போட்டிருந்தோம். பிடிக்கப்படும் பொருள் மாறும்போதெல்லாம் வினையின் பொருளும் மாறிவிட்டதாக நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான பிழை. குடையாக இருந்தாலும் விளக்காக இருந்தாலும் கை செய்யும் வேலை ஒன்றுதான். ஒட்டினோம்.

ஒட்டலாமா என்பதைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, இரண்டையும் ஒரே வினையில் மாட்டிப் பார்ப்பது. "ஆட்டோவையோ பஸ்ஸையோ பிடித்து வந்துவிடு" என்றால் இயல்பாக இருக்கிறது. எனவே வாடகைக்கு அமர்த்துவதும் நேரத்துக்குப் போய் ஏறுவதும் ஒரே பொருளில் அடங்கும். "போலீஸ்காரர் திருடனையும் எட்டு மணி பஸ்ஸையும் பிடித்தார்" என்றால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு வந்தால் நடுவே வெட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழி, வேறு சொல்லை மாற்றிப் போடுவது. 'இரண்டு மணி நேரம் பிடித்தது' என்பதில் 'ஆனது' என்று போடலாம். 'இந்தக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும்' என்பதில் 'ஆகும்' பொருந்தாது, 'கொள்ளும்' பொருந்தும். இரண்டும் அளவு பற்றியவை என்று முதலில் ஒட்டிவைத்திருந்தோம். இந்தச் சோதனைக்குப் பிறகு வெட்டினோம்.

மூன்றாவது, எதிர்ச்சொல். கம்பியைப் பிடித்தவர் 'விடலாம்'. துரு பிடித்த கேட்டை எதுவும் விடுவதில்லை. ஊரைப் பிடித்தவருக்கு எதிர் 'பிடிக்காதவர்' மட்டும்தான்.

மூன்று சோதனையும் எப்போதும் ஒரே விடை தராது. 'குழாயில் தண்ணீர் பிடி' எங்களை அரை நாள் இழுத்தது. கையால் பிடிப்பது குடத்தை, ஆனால் வாக்கியத்தில் வருவது தண்ணீர். 'ஆட்டோ பிடி' போல 'முயன்று கிடைக்கச் செய்' என்பதில் அடக்கலாம் என்றார் ஒருவர். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில் இருப்பவர் அவர், அவருக்கு அது முயற்சிதான். ஆனால் மழைத் தண்ணீர் பிடிப்பதில் யார் எங்கே முயல்கிறார்? பாத்திரத்தை நீட்டினால் வந்து விழுகிறது. தனிப் பொருளாகவே வைத்தோம்.

வெட்டுவதற்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு. மூன்று வெவ்வேறு மூலங்களில் இல்லாத பொருளுக்குத் தனி எண் கிடையாது. 'காலைப் பிடி' என்று கெஞ்சுவதைக் குறிக்கும் தொடருக்கும் எண் கிடையாது. அந்தப் பொருள் 'பிடி'யில் இல்லை, முழுத் தொடரில் இருக்கிறது. அதைப் பதிவின் கடைசியில் தொடராகக் கொடுங்கள்.

31 குவியல் 10 ஆனது. பெரிய அகராதி என்றால் 20 வரை போயிருப்போம். பொருளின் எண்ணிக்கை சொல்லிலேயே எழுதியிருக்கும் விஷயம் அல்ல. பக்க அளவும் வாசகரும் சேர்ந்து தீர்மானிப்பது.

## 7. வரிசையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

மூன்று வரிசைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய ஆங்கில அகராதி காலவரிசையில் போகும். எழுத்தில் முதலில் கிடைத்த பொருள் முதலில் வரும். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் தேதியோடு பழைய சான்று வேண்டும், எங்களிடம் அது இல்லை. 1987இல் வந்த கோபில்ட் ஆங்கில அகராதி கணினியில் சேர்த்த பெரும் உரைத்தொகுப்பிலிருந்து எழுதப்பட்டது. அதில் அதிகம் வருவதற்கு முன்னிடம். மூன்றாவது, மையப் பொருளிலிருந்து கிளை கிளையாகப் போவது.

அடிக்கடி வருவதை முதலில் வைக்கத்தான் நாங்களும் நினைத்தோம். வீட்டுப் பேச்சுச் சீட்டுகளில் மிகப் பெரிய குவியல் 'எனக்குப் பிடிக்கும்'. அதை முதலில் வைத்துப் பார்த்தோம். விருப்பத்துக்குப் பிறகு கம்பி, கம்பிக்குப் பிறகு மணி நேரம் என்று பதிவு தாவித் தாவிப் போயிற்று. போதாததற்கு, எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

ஆகவே கையால் பிடிப்பதை முதலில் வைத்தோம். அதிலிருந்து ஓடுவதைப் பிடிப்பது, அடைவது, வாங்கிச் சேர்ப்பது, நிறுத்திவைத்துக்கொள்வது, அப்புறம் ஆள் இல்லாமல் தானே வந்து பிடிக்கும் துரு, சளி. ஒவ்வொரு படியும் முந்தியதற்குப் பக்கத்தில் இருக்கிறது. விருப்பம் கடைசி. இலக்கணம் வேறாக இருப்பதால் அதற்கு முன்னால் ஒரு குறிப்பு.

ஒரு தலைச்சொல்லுக்குக் காலவரிசை, அடுத்ததற்கு அடிக்கடி வருவது என்று கலக்காதீர்கள். வாசகர் எண் 1 என்பதற்கு ஒரே அர்த்தத்தை எதிர்பார்ப்பார்.

## 8. இப்போதுதான் பொருள் எழுதுவது

ஒரே சொல்லில் விடை சொல்லும் ஆசையை அடக்குங்கள். எங்கள் முதல் வரைவில் 'பிடி: பற்று' என்று இருந்தது. 'பற்று' பக்கத்தைப் புரட்டினால் 'பிடி' என்று இருந்தது. இரண்டையும் தெரியாத பிள்ளை அந்த இரண்டு பக்கத்துக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும். விளக்கத்தில் வரும் சொல் தலைச்சொல்லைவிட எளியதாக இருக்க வேண்டும், அதுவும் 3,000க்குள் இருக்க வேண்டும்.

உதாரண வாக்கியத்தைச் சீட்டிலிருந்து எடுத்து நீளத்தை மட்டும் குறையுங்கள். நாமே புனைந்தால், பொருளுக்குப் பொருந்தும்படி வளைத்த வாக்கியம்தான் வரும். முடிந்த பதிவு இது:

பிடி¹ வினை (பிடிக்க, பிடித்து)
1. நழுவாதபடி கைக்குள் வைத்திரு. *கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.*
2. ஓடுவதை, பறப்பதை, தப்பிப்பதை அகப்படச் செய். *பூனை எலியைப் பிடித்தது.*
3. (வண்டி, வீடு, இடம்) தேடி அல்லது முயன்று கிடைக்கச் செய். *ஆட்டோ பிடித்து வந்தோம்.*
4. (நீர் முதலியவற்றை) பாத்திரத்தில் விழச் செய்து சேர். *இரண்டு குடம் தண்ணீர் பிடித்தான்.*
5. (மாவு முதலியவற்றுக்கு) கையால் அழுத்தி உருவம் கொடு. *பாட்டி கொழுக்கட்டை பிடித்தாள்.*
6. தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள். *சம்பளத்தில் இரண்டு நாள் காசு பிடித்துவிட்டார்கள்.*
7. (துரு, பூசணம், தீ, சளி) ஒன்றில் அல்லது ஒருவருக்கு உண்டாகு. *கேட்டில் துரு பிடித்திருந்தது.*
8. (பாத்திரம் முதலியவற்றில்) இவ்வளவு என்று கொள். *குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும்.*
9. (நேரம்) தேவைப்படு, ஆகு. *போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடித்தது.*
10. [ஒருவருக்கு ஒன்று/ஒன்றை, 'பிடிக்கிறேன்' என்று வராது] விருப்பமாக இரு. *எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.*

தொடர்: காலைப் பிடி – கெஞ்சு.

## 9. வேறொருவர் கையில் கொடுங்கள்

பிரித்தவர்களே சரிபார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இதுவரை பயன்படுத்தாத 50 புதிய வரிகளை எடுத்து, குவியல் வேலையில் இல்லாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பொருள் எண் போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே எண்ணைப் போடாத வரிகளில்தான் பதிவின் ஓட்டை இருக்கும்.

எங்களுக்கு 2க்கும் 3க்கும் நடுவே தகராறு வந்தது. 'முன் வரிசையில் இடம் பிடித்தான்' என்பதற்கு ஒருவர் 2 போட்டார், இன்னொருவர் 3 போட்டார். முதல் வரைவில் 3இன் அடைப்புக்குறிக்குள் 'இடம்' இல்லை. சேர்த்ததும் சரியாகிவிட்டது.

எந்த எண்ணிலும் சேராத வரிகளும் மிஞ்சும். 'கழுத்து பிடித்துக்கொண்டது' என்பதை இருவருமே எண் போடாமல் விட்டிருந்தார்கள். 7 என்று தள்ளலாமா என்று பார்த்தோம், அங்கே துரு, சளி போல உண்டாவது ஒன்று வேண்டும், இங்கே கழுத்தே பிடித்துக்கொள்கிறது. மூலங்களை எண்ணினால் மூன்றுக்கு மேல் இருந்தது. அடுத்த ஞாயிறு 11 என்று சேர்க்கிறோம். சிவாஜிநகர் தையல்காரர் ஒருவர் சொன்ன 'இடுப்பில் ஒரு இஞ்ச் பிடிக்கணும்' என்ற வரிக்கு இதுவரை அவர் ஒருவர்தான் சான்று. அந்தச் சீட்டு பெட்டியில் இருக்கிறது.